பகுச்சியாலும் கார்போகரிசி எண்ணெயும் ஒன்றல்ல

கேள்வி: சுருக்கம் குறைய ரெட்டினால் க்ரீம் போட்டால் முகம் எரிந்து தோல் உரிகிறது. பகுச்சியால் நிஜமாகவே அதற்கு மாற்றா? நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கார்போகரிசி எண்ணெயும் அதுவும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. கடைக்குக் கிளம்பியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் சித்தி பெண்ணுக்கும் உங்களைப் போலத்தான், ரெட்டினால் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் கார்போகரிசி எண்ணெயைக் கொடுத்து, "வெளிநாட்டு க்ரீம்ல இருக்குறது இதுதாம்மா" என்றார். காலையில் தடவிக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கன்னமெல்லாம் சிவந்து கொப்புளம் வந்தது. கொப்புளம் ஆறியும் கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் போகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். ஒரு பெண்ணின் கன்னத்தை விசாரிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது?

தோல் மருத்துவர் காரணத்தைச் சொன்னார். கார்போகரிசி விதையில் பகுச்சியாலோடு சொராலென் என்ற பொருளும் இருக்கிறது. சொராலென் பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்துபோகும். சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்கு இந்த விதையைக் கொடுப்பதும் தோலில் நிறம் வரவைக்கத்தான். அதனால் நாட்டு மருந்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் ஆயாவின் குளியல் பொடியிலும் கார்போகரிசி உண்டு, ஆனால் அது உடனே கழுவிவிடுவது. நல்ல க்ரீமில் சேர்ப்பது சொராலென் நீக்கிய பகுச்சியால்.

சரி, ஆய்வுக்கு வருகிறேன். எல்லா விளம்பரமும் பிடித்துத் தொங்குவது 2019-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜியில் வந்த ஒன்றைத்தான். 44 பேர், 12 வாரம். பாதிப் பேருக்கு 0.5% பகுச்சியால் தினம் இரண்டு வேளை, மீதிப் பேருக்கு 0.5% ரெட்டினால் ஒரு வேளை. சுருக்கமும் கருமையும் இரு குழுவிலும் குறைந்தன. ரெட்டினால் போட்டவர்களுக்குத்தான் தோல் உரிவதும் எரிவதும் அதிகம்.

இதை வைத்து "ரெட்டினாலுக்குச் சமம்" என்று எழுதுகிறார்கள். 44 பேரில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் வித்தியாசமே இல்லை என்று ஆகாது. வேளைக் கணக்கும் சமமில்லை. 0.5% ரெட்டினால் புதிதாகத் தொடங்குபவருக்குக் கொஞ்சம் கடுமையான அளவு, அதோடு ஒப்பிட்டால் எதுவும் மென்மையாகத்தான் தெரியும். ரெட்டினாலும் அதன் வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டுகளுக்கும் பல வருட ஆய்வு இருக்கிறது, இதற்கு இன்னும் இல்லை. ஆனால் எரிச்சல் குறைவு என்பதை நான் நம்புகிறேன்.

உங்கள் தோலுக்கு முயன்று பார்க்கலாம். அட்டையில் பகுச்சியால் என்ற பெயரும் 0.5 அல்லது 1 சதவீதம் என்ற அளவும் இருக்க வேண்டும். கார்போகரிசியின் தாவரப் பெயர் சொரேலியா கோரிலிஃபோலியா; அந்த விதை எண்ணெய் என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். இதற்கும் அலர்ஜி வந்தவர்கள் உண்டு, ஆகவே முதலில் முன்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். வரவில்லை என்றால் இரவில் மட்டும் தொடங்கி, மூன்று மாதம் கழித்துப் பலனைப் பாருங்கள்.