கேஷ்பேக் கார்டு வேண்டாம், பழைய கார்டை ஆப்பிலிருந்து எடுங்கள்

“ஐயா, நாகர்கோவிலில் நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். வீடு சேர இரவு எட்டரை ஆகிவிடும். மாதம் 22 நாள் ஆப்பில்தான் சாப்பாடு, ஒரு தடவைக்கு 500 ரூபாய். எல்லாம் கிரெடிட் கார்டில். இப்போது 62,000 நிற்கிறது, மினிமம் 3,100 கட்டி வருகிறேன். 10 சதவீதம் கேஷ்பேக் தரும் கார்டு வாங்கினால் மிச்சமாகுமா?”

வாங்க வேண்டாம் தம்பி. கேஷ்பேக் முழுதாகக் கிடைத்தாலும் மாதம் 1,100 ரூபாய். ஸ்டேட்மென்டில் வட்டி எவ்வளவு என்று பாருங்கள். பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 62,000-க்கு ஏறக்குறைய 2,560 ரூபாய். நீங்கள் கட்டும் 3,100-ல் கடன் குறைவது 540 மட்டும். அதே மாதம் 11,000 புதிதாக ஏற்றுகிறீர்கள். மினிமம் மட்டும் கட்டுகிறவருக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. இன்றிரவு வாங்கும் பிரியாணிக்கு இன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

ஆப் பில்லைக் கடை விலையோடு ஒருநாள் ஒப்பிட்டுப் பாருங்கள். கடையில் 180 ரூபாய் பிரியாணி ஆப்பில் 220 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு 440, பேக்கிங் 30, ஜிஎஸ்டி 24, டெலிவரி, பிளாட்பார்ம் கட்டணம் வரியோடு 53, மொத்தம் 547. கடையில் நேரே வாங்கினால் வரியோடு 378. இலவச டெலிவரி மெம்பர்ஷிப் எடுத்தால் டெலிவரி கட்டணம் மட்டும்தான் போகும். விலையில் ஏற்றியது அப்படியே இருக்கும்.

வீட்டில் அரை கிலோ சாளை 80, தேங்காய், புளி, மசாலா 35, அரிசி 30, கேஸ் 20 என்று 165 ரூபாயில் இரவும் மறுநாள் மதியமும் ஓடும். எட்டரைக்கு வந்து யார் தேங்காய் அரைப்பது என்பீர்கள், அது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை தேங்காயை நன்றாக வறுத்துத் தீயலுக்கு அரைத்து, சிறு டப்பாக்களில் ஃப்ரீசரில் வையுங்கள். வறுத்த அரைப்பு வாரம் முழுக்க நிற்கும்.  புளித்தண்ணீரில் கரைத்து, உள்ளியோ கத்தரிக்காயோ போட்டால், சோறு வேகும் நேரத்தில் தீயல் தயார். முடியாத நாளில் வரும் வழியில் கடையில் இறங்கி, கறி மட்டும் வாங்குங்கள்.

இதில் சாப்பாட்டுச் செலவு 11,000-லிருந்து 4,000 ஆகி, மாதம் 7,000 குறையும். அந்த 7,000-ஐச் சம்பளத்திலிருந்து எடுத்து மினிமத்தோடு சேர்த்து மாதம் 10,100 கட்டினால், புதிதாக ஒன்றும் ஏற்றாவிட்டால், எட்டாவது மாதம் கடன் முடியும். ஆப்பில் சேமித்து வைத்த கார்டை இன்றே நீக்குங்கள். சாப்பாட்டுச் செலவுக்கென்று தனிக் கணக்கில் 4,000 போட்டு, யுபிஐயில் அதிலிருந்து மட்டும் கொடுங்கள். பணம் 20-ஆம் தேதியே தீர்ந்தால், எந்தெந்த நாள் ஆர்டர் போட்டீர்கள் என்று மனைவியோடு உட்கார்ந்து பார்த்து எனக்கு எழுதுங்கள்.