மூன்று விலானுக்கு லேயர் 3 சுவிட்ச் தேவையா?

"கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஹோட்டலாக்குகிறோம். அலுவலகம், கேமரா, விருந்தினர் வைஃபை என மூன்று விலான். ரூட்டர் ஆன் எ ஸ்டிக் போதுமா, லேயர் 3 சுவிட்ச் வாங்கணுமா?"

போதும். ஆனால் ரெக்கார்டரைக் கேமரா விலானிலேயே வையுங்கள். 16 கேமரா, ஒவ்வொன்றும் 4 Mbps என்றால் 64 Mbps. ஒரே விலானுக்குள் இருந்தால் அது ரூட்டர் பக்கமே போகாது. அலுவலகத்தில் யாராவது திறந்து பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் போய்வரும். விருந்தினரைத் தடுக்கும் ஃபயர்வாலும் ரூட்டரில்தான் நன்றாக அமையும். சுவிட்சின் ஏசிஎல் பெரும்பாலும் இணைப்பின் நிலையை நினைவில் வைக்காது.

சிக்கல் எப்போது? ஃபைல் சர்வரைத் தனி விலானில் வைத்து, அலுவலகத்திலிருந்து பெரிய ஃபைல்களை நகலெடுக்கும்போது. அந்தத் தரவு முழுக்க ஒரே கேபிளில் ரூட்டருக்கு ஏறி, அதே கேபிளில் இறங்கும். நகல் ஓடும் நேரத்தில் இணையமும் மந்தமாகி, ரூட்டரின் சிபியு எகிறினால் காரணம் இதுதான். அப்போது லேயர் 3 சுவிட்ச் வாங்குங்கள். ரூட்டிங்கை அதன் சிப்பே செய்துவிடும். சிஸ்கோவில்:

```
ip routing
interface vlan 20
 ip address 192.168.20.1 255.255.255.0
 no shutdown
```

கேட்வே பிங் ஆகிறது, அடுத்த விலான் ஆகவில்லை என்றால், முதல் வரி விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், சுவிட்ச் வந்தாலும் விருந்தினர் விலானின் கேட்வே ரூட்டரிலேயே இருக்கட்டும்.