பாயசத்தின் ருசி வெல்லத்தில் மட்டுமா இருக்கிறது?

“என் மாமியாருக்கு வயது 74. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். பாயசமும் அதிரசமும் இல்லாமல் அவருக்குப் பண்டிகையே இல்லை. சென்ற முறை சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டுச் செய்து கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை 290 இருந்தது. ருசியும் குறையாமல், உடம்பும் கெடாமல் இந்த முறை என்ன செய்து கொடுக்கலாம்?” – ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கருப்பட்டியில் நீங்கள் ஏமாந்ததற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைச் சீனிதான் கெடுதல், நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் தேனும் நல்லவை என்ற நம்பிக்கை வீடுதோறும் இருக்கிறது. ஆனால் 100 கிராம் வெல்லத்தில் 85 கிராமுக்கும் மேல் சர்க்கரைதான். கருப்பட்டியும் இதற்கு விலக்கில்லை. அவற்றில் உள்ள சிறிதளவு தாதுச் சத்துக்களால், ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைந்துவிடாது. ஆகவே கருப்பட்டியை மாற்றுப் பொருளாக எண்ணாமல், ஏலக்காயைப் போல வாசனைக்குச் சேர்க்கும் பொருளாக மட்டும் எண்ணுங்கள். இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் மற்றவை தொடங்குகின்றன.

எந்தப் பலகாரத்தை மாற்றிச் செய்யலாம், எதை மாற்ற முடியாது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். அதிரசம் பாகினால் உருவாகும் பலகாரம். மாவைப் பிடித்து வைப்பதும், பதத்தையும் நிறத்தையும் தருவதும் வெல்லப் பாகுதான். சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகள் பாகு வைக்காது. அவற்றைக் கொண்டு செய்தால் எண்ணெயில் மாவு பிரிந்து போகும். அப்படியே செய்துவிட்டாலும் உள்ளே இருப்பது அரிசி மாவுதானே! எனவே அதிரசத்தில் போலியைத் தேட வேண்டாம். அவருக்கென்று நெல்லிக்காய் அளவு உருண்டையில் ஒன்று தட்டி, மதிய உணவுக்குப் பிறகு அசல் அதிரசமாகவே கொடுங்கள். பாயசம் அப்படியல்ல. அதன் உருவம் வெல்லத்தை நம்பி இல்லாததால், அதில் நிறையவே மாற்றலாம்.

நான் பரிந்துரைப்பது பாசிப்பருப்புப் பாயசம். நான்கு சிறிய டம்ளர், அதாவது டம்ளருக்கு 100 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்வோம். இதற்கு 50 கிராம் பருப்பும் 100 கிராம் வெல்லமும் போடுவது வழக்கம். அப்படிச் செய்தால் ஒரு டம்ளரில் வெல்லத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 22 கிராம் சர்க்கரை வருகிறது. பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்தால் மொத்த மாவுச்சத்து 30 கிராமைத் தொடும். பருப்பின் மாவுச்சத்து நார்ச்சத்தோடும் புரதத்தோடும் சேர்ந்து மெதுவாகச் செரிக்கும் என்பதால் அதில் நாம் கை வைக்க வேண்டியதில்லை. வெல்லத்தை மட்டும் குறைத்தால் போதும்.

மாமியாருக்கென்று தனிப் பாத்திரம் வைக்காதீர்கள். ‘நோயாளிப் பாயசம்’ என்று தனியே வந்தால் அவர் மனம் நோகும். பிறகு அடுக்களையில் யாரும் இல்லாத நேரத்தில் மற்றதை எடுத்துச் சாப்பிடுவார். ஒரே பாத்திரத்தில் தொடங்கிக் கடைசியில் பிரியுங்கள். பருப்பை ஒரு தேக்கரண்டி நெய்யில் வாசம் வரும்வரை பொன்னிறமாக வறுத்துக் குழைய வேகவையுங்கள். பாதியை மட்டும் கரண்டியால் மசித்து, இரண்டாம் தேங்காய்ப்பாலை ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். வெல்லம் சேர்க்கும் முன் அவருக்கு ஒரு டம்ளர் அளவு எடுத்துச் சிறிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். அதில் அரைத் தேக்கரண்டி பொடித்த கருப்பட்டி, ஒரு சிட்டிகை உப்பு, சுக்கு, ஏலக்காய் போட்டு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். இறக்கியபின் முதல் பாலில் இரண்டு கரண்டி சேருங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் அது திரிந்துவிடும். கடைசியாக, இரண்டு தேக்கரண்டி சீனிக்கு ஈடான சுக்ரலோஸைக் கலந்து, நெய்யில் வறுத்த முந்திரி இரண்டு போட்டு, வெதுவெதுப்பாகவே கொடுங்கள். ஆறிப்போனால் இனிப்பு நாக்கில் குறைவாகத் தெரியும். இன்னும் போடு என்பார். இந்த டம்ளரில் மொத்த மாவுச்சத்து சுமார் 11 கிராம்தான். கருப்பட்டி மணமும் வறுத்த பருப்பின் மணமும் அப்படியே இருக்கும்.

இதில் இரண்டு இடங்களில் கை தவறும். முதலாவது, வெல்லம் குறைவதால் பாயசம் சற்று நீர்த்திருக்கும். உடனே ஜவ்வரிசியோ அரிசி மாவோ கரைத்து ஊற்றத் தோன்றும். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து என்பதால், வெல்லத்தில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். இன்னும் கொஞ்சம் பருப்பை மசித்தாலே பதம் வரும். இரண்டாவது, இனிப்பூட்டியை அதிகம் போடுவது. அளவு மீறினால் நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு தங்கும். அதை மறைக்க மேலும் போட்டால் கசப்புதான் கூடும். பொட்டலத்தின் பின்புறத்தையும் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் பட்டியலில் முதலில் இருந்தால் அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். ‘சர்க்கரை இல்லாதது’ என்று விற்கும் இனிப்புகளில் மால்டிடால் என்ற இனிப்பூட்டியைச் சேர்ப்பதுண்டு. அதுவும் ஓரளவு சர்க்கரையை ஏற்றும், அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வரும்.

பாயசத்தைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். காய்கறியும் பருப்பும் உள்ள மதியச் சாப்பாட்டின் முடிவில் கொடுத்து, அன்று சோற்றில் ஒரு சிறு கரண்டியைக் குறையுங்கள். இரண்டு நாள் கழித்துச் சோதிப்பதால் எந்தப் பண்டம் ஏற்றியது என்று தெரியாது. வீட்டுக் கருவியில் சாப்பிடும் முன் ஒரு முறையும், முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பாருங்கள். முன்பு 130 இருந்து பின்பு 170 ஆனால் அந்த அளவு அவருக்கு ஒத்துக்கொண்டது. 220 ஆனால் அடுத்த முறை சோற்றை இன்னும் குறைத்தும், பாயசத்தை அரை டம்ளராக்கியும் பாருங்கள். மருத்துவர் அவருக்கென்று வேறு இலக்கு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பண்டிகை நாளில் சர்க்கரை ஏறுவதை மட்டுமே எல்லோரும் அஞ்சுகிறார்கள். எனக்கு அன்று தாழ்வதும் கவலை தரும். பூசை முடியும்வரை சாப்பிடாமல் இருந்து, மாத்திரையை மட்டும் விழுங்கிவிடும் பெரியவர்கள் பலர். அவர் இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவரானால் உணவு தள்ளிப்போகும் நாளில் வேளையை எப்படி மாற்றுவது என்று முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்து கருவியில் 70-க்குக் கீழ் காட்டினால், நினைவோடு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் இனிப்பூட்டி போட்ட பாயசம் சற்றும் உதவாது. மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சீனியும் தாமதமாகத்தான் ரத்தத்தில் சேரும். ஆகையால் அந்தப் பொடியை வாங்கி, அவர் மாத்திரை டப்பாவின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.