சிங்கப்பூர் போக பாஸ்போர்ட்டில் ஆறு மாசம் இருக்கா?

"ஹட்டனில் இருக்கிறோம். பிப்ரவரி 14 ராத்திரி 11.50க்கு கட்டுநாயக்காவில் இருந்து சிங்கப்பூர் ஃப்ளைட். அம்மாவின் பாஸ்போர்ட் 2026 ஆகஸ்ட் 14 வரை. சரியாக ஆறு மாசம், போகலாம்தானே?"

போக முடியாது, ஒரு நாள் குறைகிறது. சிங்கப்பூர் பார்ப்பது நீங்கள் அங்கே இறங்கும் தேதியை. ராத்திரி 11.50க்கு ஏறினால் இறங்குவது 15ஆம் தேதி காலையில். அப்படியானால் பாஸ்போர்ட் ஆகஸ்ட் 15 வரையாவது இருக்க வேண்டும். நாட்களாக எண்ணினால் 180 வரும், அதை நம்பி ஏமாற வேண்டாம். மாதக் கணக்கில்தான் எண்ண வேண்டும்.

படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுத்தும் எண்ணுமாக இருக்கும். கீழ் வரியில் பெண்ணுக்கு F, ஆணுக்கு M என்ற எழுத்துக்கு அடுத்த ஆறு இலக்கங்கள்தான் முடிவுத் தேதி: வருடம், மாதம், நாள். அம்மாவுடையதில் 260814 என்று இருக்கும். கவுண்டரில் மெஷின் வாசிப்பதும் இதைத்தான். அங்கேயே போர்டிங் பாஸ் தராமல் நிறுத்திவிடுவார்கள்; கட்டுநாயக்கா வரை இறங்கிப் போய்த் திரும்புவது வீண்.

ஃப்ளைட்டை ஒரு நாள் முன்னே மாற்றினால் கணக்கு மயிரிழையில் சரியாகும். ஆனால் ஃப்ளைட் தள்ளிப்போய் இறங்குவது 15ஆம் தேதியானால் மறுபடி அதே சிக்கல். புது பாஸ்போர்ட் எடுப்பதே நல்லது. கண்டியிலும் குடிவரவுத் திணைக்களத்துக்குக் கிளை இருக்கிறது. அப்புறம், நம்பர் மாறும். டிக்கெட்டில் பழைய நம்பர் கொடுத்திருந்தால் மாற்றிவிட்டு, சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் கொடுக்கும் SG Arrival Card-ஐப் புது நம்பரில் நிரப்புங்கள்.