எண்பது கட்டுரையும் அதே ஆறும்

அன்புள்ள மிஸ்,

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். தாதியாக வேலை செய்கிறேன். இங்கிலாந்துப் பதிவுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுத்துப் பகுதியில் 6.5 வேண்டும். ஒன்பது மாதத்தில் மூன்று தடவை கொழும்புக்குப் போய் எழுதினேன். மூன்று தடவையும் 6.0. மற்றப் பகுதிகளில் 7க்குக் குறையவில்லை. டியூட்டி பார்த்துப் பார்த்து வாரம் இரண்டு, மூன்று கட்டுரையாக எண்பதுக்கு மேல் எழுதிவிட்டேன். புதுச் சொற்களும் பாடமாக்குகிறேன். ஏன் அசையவே இல்லை? மறுமதிப்பீடு கேட்கட்டுமா? கடைசியாக எழுதிய டாஸ்க் 2 கட்டுரை ஒன்றை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கட்டுரையை மூன்று தரம் வாசித்தேன். மறுமதிப்பீட்டுக்குக் காசு கட்ட வேண்டாம். ஒரு தடவை மட்டும் 6 வந்திருந்தால் யோசிக்கலாம். மூன்று வேறு நாளில், மூன்று வேறு கேள்விக்கு அதே புள்ளி வந்திருக்கிறது. நான் வாசித்த கட்டுரையும் 6தான்.

முதலில் அந்த 6 எப்படி வருகிறது என்று பார்ப்போம். டாஸ்க் 2ஐ நான்கு பக்கமாகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள். கேள்விக்கு எவ்வளவு முழுமையாகப் பதில் சொன்னீர்கள் என்பது ஒன்று. கருத்தும் பந்தியும் கோர்வையாகப் போகிறதா என்பது இன்னொன்று. பிறகு சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. நான்கிலும் 6 வாங்கினால் 6. அதில் இரண்டு மட்டும் 7 ஆனால் கூட்டி நான்கால் வகுக்க 6.5 வந்துவிடும். அதாவது நான்கையும் தூக்க வேண்டியதில்லை, இரண்டைத் தூக்கினால் போதும். டாஸ்க் 1ஐ விட டாஸ்க் 2க்கு இரட்டிப்பு எடை என்பதால் இதையே முதலில் பிடிக்கச் சொல்கிறேன்.

எந்த இரண்டு? நீங்கள் இத்தனை மாதமாகச் சொல்வளத்தைத்தான் வளர்த்திருக்கிறீர்கள். அது ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் கட்டுரையில் 19 வசனம். பென்சிலோடு இருந்து எண்ணினேன். பிழையே இல்லாத வசனம் 7. மீதி 12இல் 9 வசனத்தில் இருப்பது ஒரே இனப் பிழை: பெயர்ச்சொல்லின் வாலில் 'எஸ்' விட்டுப்போயிருக்கிறது, அல்லது தலையில் 'த' இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இருக்கிறது. 'பேரன்ட்ஸ்' என்று வர வேண்டிய இடத்தில் நான்கு முறை 'பேரன்ட்'. பொதுவாகச் சமூகத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் 'த சொசைட்டி'.

இது கவனக்குறைவு அல்ல. வார்டில் ஒரு அம்மாவிடம் "ரெண்டு மாத்திரை போட்டுட்டுப் படுங்கம்மா" என்றுதானே சொல்வீர்கள்? 'மாத்திரைகள்' என்று யாரும் சொல்வதில்லை. 'ரெண்டு' என்றாலே பன்மை வந்துவிட்டது, தமிழுக்கு அது போதும். 'த' என்ற சொல்லுக்கோ தமிழில் ஆளே இல்லை. அதனால் நம் கண் அந்த இடத்தைப் பிழையாகப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பத்து தரம் திருப்பி வாசித்தாலும் தெரியாது, ஏனென்றால் பொருள் குழம்பவில்லை. பரீட்சகருக்கும் பொருள் குழம்பாது. ஆனால் பகிரங்கமாக வெளியிட்டிருக்கும் புள்ளி விளக்கத்தில் இலக்கணத்துக்கு 7 என்றால் பிழையற்ற வசனங்கள் அடிக்கடி வர வேண்டும் என்று இருக்கிறது. 19இல் 7 என்பது அடிக்கடி அல்ல. அந்த ஒன்பது வசனமும் சரியாகியிருந்தால் 16. ஒரு புது இலக்கணமும் படிக்காமலே!

இரண்டாவது இடம், கேள்விக்குப் பதில் சொன்ன விதம். இளைஞர்கள் வேலை தேடிக் கிராமத்தை விட்டுப் போவது நன்மையா தீமையா என்பது கேள்வி. தீமை பற்றிய உங்கள் பந்தியின் சாரம் இதுதான்: 'முதலாவதாக, முதிய பெற்றோர் தனித்துப் போகிறார்கள். மேலும், விவசாயம் பாதிக்கப்படுகிறது. அத்துடன், பண்பாடு அழிகிறது. ஆகவே இது பெரிய பிரச்சினை.' எல்லாம் உண்மைதான், எல்லாம் கேள்விக்குப் பொருத்தமானதும்தான். ஆனால் ஒன்றும் வளரவில்லை. மூன்று விதையைத் தூவிவிட்டு வந்துவிட்டீர்கள். கருத்து பொருத்தமானது, ஆனால் போதிய அளவு விரியவில்லை என்றால் 6. விரித்து ஆதாரம் காட்டினால் 7. இந்த இடத்தில் இரண்டு பாண்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

அந்தப் பந்தியை உங்கள் அம்மாவிடம் தமிழில் வாயால் சொல்லிப் பாருங்கள். "பெற்றோர் தனிச்சுப் போறாங்க" என்றதும் "போனா என்ன? காசு அனுப்புறாங்கதானே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் உங்கள் அடுத்த வசனம். விவசாயத்துக்குத் தாவக் கூடாது. நீங்கள் கிளினிக்கில் பார்ப்பதையே எழுதலாம்: பிள்ளை வெளியூரில். காசு ஒழுங்காக வருகிறது. ஆனால் மாதாந்தக் கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிவர ஆளில்லை. ஒரு திகதி தவறுகிறது, மாத்திரை முடிகிறது, பிரஷர் ஏறுகிறது, கடைசியில் வார்டில் படுக்க வைக்க வேண்டி வருகிறது. காசு போய்ச்சேரும் இடத்துக்கு ஆள் போய்ச்சேர முடியாது என்பது அங்கே தெரிகிறது. ஒரு கருத்து, நான்கு ஐந்து வசனம், ஒரு பந்தி நிறைந்தது. சொந்த அறிவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் உதாரணம் தரும்படி கேள்வித்தாளே சொல்கிறது. நீங்கள் எழுதிய அந்த '70 வீதமானோர் என ஓர் ஆய்வு' தேவையில்லை. அது கற்பனை என்று எனக்கே தெரிந்தது.

இப்படி எழுதும்போது 'ஃபர்தர்மோர்', 'மோரோவர்' எல்லாம் தானாக உதிர்ந்துவிடும். ஒரு வசனம் அடுத்ததைப் பெற்றெடுக்கும்போது இணைப்புச் சொல் கேட்காது. உங்கள் 19 வசனத்தில் 11 அப்படியான சொல்லோடு தொடங்குகிறது. கோர்வையில் இது இயந்திரத்தனமாகத்தான் தெரியும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். எண்பது கட்டுரை எழுதியும் அசையாததற்குக் காரணம், எண்பதும் முதல் பிரதி. ஒவ்வொன்றிலும் அதே பிழையை இன்னொரு தரம் பழகியிருக்கிறீர்கள். ஆகவே அடுத்த ஆறு வாரத்துக்கு வாரம் ஒரே ஒரு கேள்வி.

முதல் நாள் 40 நிமிடம் மணி வைத்து எழுதுங்கள். பிறகு ஒரு நாள் அந்தப் பக்கமே போக வேண்டாம். மூன்றாம் நாள் எடுத்து, பெயர்ச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். வினைச்சொல், எழுத்துப்பிழை எதையும் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு கேள்வி: இதை எண்ண முடியுமா, முடிந்தால் ஒன்றா பலவா? எதைச் சொல்கிறேன் என்று வாசிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியுமா? முதல் கேள்வி 'எஸ்'ஐப் பிடிக்கும், இரண்டாவது 'த'வைப் பிடிக்கும். ஒரு கட்டுரைக்கு முக்கால் மணித்தியாலம் போகும். முதல் வாரம் அலுப்பாகத்தான் இருக்கும். சந்தேகமான சொல்லை அகராதியில் பாருங்கள், மாணவர் அகராதியில் அது எண்ணக்கூடியதா என்று போட்டிருப்பார்கள். நான்காம் நாள் ஒரு பந்தியை மட்டும் எடுத்து, மூன்று கருத்தை ஒன்றாக்கி மீள எழுதுங்கள். வார முடிவில் பழையதைப் பார்க்காமல், அதே கேள்விக்கு மறுபடி 40 நிமிடம். ஆனால் இந்த முறை 36ஆவது நிமிடத்தில் பேனையை வைத்துவிட்டு, கடைசி நான்கு நிமிடமும் பெயர்ச்சொல்லைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது.

அந்த இரண்டாம் கட்டுரையில் பிழையற்ற வசனத்தை எண்ணி, கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். நேரமெடுத்துத் திருத்தியதன் கணக்கு வேண்டாம், அது எல்லோருக்கும் கூடும். பெயர்ச்சொல் பிழையை உங்கள் கண்ணே பிடிக்கத் தொடங்கும்வரை இன்னொருவர் எண்ணினால் நல்லது. ரியூஷன் சேரிடம் கொடுக்கும்போது "எத்தனை பாண்ட் வரும்?" என்று கேட்காதீர்கள், அவர் மனம் நோகாமல் 7 என்பார். "பிழை உள்ள வசனத்துக்குக் கீழே கோடு மட்டும் போட்டுத் தாங்க சேர்" என்று கேளுங்கள். திருத்துவது உங்கள் வேலை.

ஃபோனில் தட்டி எழுதிப் பழகுவதாக இணைப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதை விடுங்கள். ஃபோன் உங்கள் எழுத்துப்பிழையைச் சொல்லாமலே திருத்திவிடும். கணினியில் எழுதும் பரீட்சையில் அந்த வசதி கிடையாது. கணினியில் எழுதுவதென்றால் திருத்தும் வசதியை அணைத்துவிட்டுப் பழகுங்கள், தாளில் எழுதுவதென்றால் தாளில்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது எஸ்ஸின் கட்டுரைக்குச் சொன்ன மருந்து. அக்கரைப்பற்றிலிருந்து என்னிடம் வந்த ஒரு தம்பியும் 6இல்தான் நின்றார். அவருடைய இலக்கணம் சுத்தம். ஆனால் இரண்டு பக்கத்தையும் பேசி உங்கள் அபிப்பிராயத்தையும் சொல்லுங்கள் என்ற கேள்விக்கு, ஒவ்வொரு முறையும் கடைசி வரியில்தான் அபிப்பிராயம் எட்டிப் பார்க்கும். அவர் பெயர்ச்சொல்லை வட்டமிட்டிருந்தால் இன்னொரு வருடம் போயிருக்கும். அவர் செய்ய வேண்டியிருந்தது, கேள்வியில் கேட்டிருப்பவை எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தன் கட்டுரையில் எந்த வரி பதில் என்று கோடு இழுத்துப் பார்ப்பது. உங்கள் பிழை எந்த இனம் என்று தெரியாமல் பயிற்சியை மாற்றாதீர்கள். கடைசி மூன்று கட்டுரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூன்றிலும் திரும்ப வருவது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தங்கச்சி, அடுத்த திகதியை இப்போதே பதிய வேண்டாம். தொடர்ந்து மூன்று வாரம், நேரம் வைத்து எழுதியதில் மூன்றில் இரண்டு பங்கு வசனம் சுத்தமாக வரட்டும், பிறகு பதியுங்கள். திருத்தும்போது கூடுகிறது, நேரம் வைத்தால் மறுபடி 7, 8க்கு இறங்குகிறது என்றால் அறிவு வந்துவிட்டது, வேகம் வரவில்லை என்று அர்த்தம். அப்போது 290 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். 250 தாண்டினால் போதும், நீங்கள் அனுப்பியது 360. அந்த மிச்ச 70 சொல்லின் நேரம்தான் உங்கள் பெயர்ச்சொற்களுக்கு வேண்டிய நேரம்.

நான்காம் வாரக் கட்டுரையை எனக்கு அனுப்புங்கள். முதல் பிரதியையும் கூடவே, திருத்தாமல், அப்படியே அனுப்புங்கள்.