மார்ச் மாத அளவீடு ஏப்ரலில் வந்தால் எந்த பில்லில் சேர்ப்பது?

கேள்வி: எங்கள் கருவிகள் சில நேரம் இணைய இணைப்பு இல்லாமல் கிடந்து, மார்ச் மாதப் பயன்பாட்டை ஏப்ரலில் அனுப்புகின்றன. மார்ச் பில் அதற்குள் போய்விடுகிறது. இதை எந்த மாதத்தில் சேர்க்க வேண்டும்?

நான் பெங்களூருவில் ஒரு பில்லிங் குழுவில் வேலை செய்கிறேன். பீனியா தொழிற்பேட்டைப் பட்டறைகளில் உள்ள எங்கள் கருவிகளுக்கும் இதே பழக்கம் உண்டு.

ஒவ்வொரு பதிவிலும் பயன்பாடு நிகழ்ந்த நேரம் `occurred_at` என்றும், அது நம்மிடம் வந்து சேர்ந்த நேரம் `received_at` என்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். எந்த மாதத்துக்கு உரியது என்பதை முதலாவது முடிவு செய்கிறது. எந்த பில்லில் அச்சாகும் என்பதை இரண்டாவது முடிவு செய்கிறது. மாத எல்லையை இந்திய நேரப்படி வெட்டுவதாக இருந்தால், யுடிசி கணக்கில் அது மாதத்தின் கடைசி நாள் 18:30 மணி என்பதையும் கவனிக்க வேண்டும்.

நாங்கள் மாதம் முடிந்த பிறகு 3 நாள் பில்லை வரைவாகவே வைத்திருக்கிறோம். அதற்குள் வருபவை உரிய மாதத்திலேயே சேர்ந்துவிடும். சிக்கல் அதற்குப் பின் வருபவற்றில்தான். எங்கள் திட்டத்தில் மாதம் 10,000 அளவீடுகள் வரை கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் ஒன்றுக்கு 20 பைசா. ஒரு வாடிக்கையாளரின் மார்ச் பில் 9,700 அளவீடுகளோடு முடிந்து போயிருக்க, ஏப்ரல் 6 அன்று மார்ச்சுக்குரிய 600 அளவீடுகள் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஏப்ரல் பயன்பாட்டோடு கூட்டினால், ஏப்ரலில் அவர் ஏற்கெனவே 14,000 பயன்படுத்தியிருக்கும் நிலையில், 600-க்கும் சேர்த்து 120 ரூபாய் விழும். மார்ச்சை 10,300 என்று மறுபடி கணக்கிட்டால், வரம்பைத் தாண்டியவை 300 மட்டுமே. கட்டணம் 60 ரூபாய். ஆகவே பழைய மாதத்தை அன்றைய விலையில் மறுகணக்கிட்டு, வித்தியாசத்தை மட்டும் ‘மார்ச் திருத்தம்’ என்று தனி உருப்படியாகக் காட்டுவதே நியாயம் என்பது என் கருத்து. எங்கள் கணக்குப் பிரிவினர் அந்த உருப்படியை ஒப்புக்கொள்ளவில்லை. வழங்கிய பில்லில் தொகை குறைந்திருந்தால் ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி டெபிட் நோட் போட வேண்டும் என்றார்கள். உங்கள் கணக்காளரிடம் இதை முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்களை உண்மையில் கடித்தது வேறொன்று. இணைப்பு திரும்பியதும் கருவி ஒரே பதிவை இரண்டு மூன்று முறை அனுப்பும் என்பதால் `event_id` கொண்டு நகல்களை நீக்கினோம். ஆனால் அந்த எண்களை 24 மணி நேரம் மட்டுமே சேமித்தோம். பதிவுகளையோ 35 நாள் பழையவை வரை ஏற்றோம். ஒரு வாரம் கழித்து மறுபடி வந்த நகல்கள் புதியவையாக எண்ணப்பட்டு, திருத்த உருப்படியில் இரட்டைக் கட்டணமாக நின்றன. இப்போது அந்த எண்களை 45 நாள் வைத்திருக்கிறோம். மின்கலம் தீர்ந்து கடிகாரம் 1970-க்குத் திரும்பிய கருவிகளின் பதிவுகளை எந்த பில்லிலும் சேர்க்காமல், ஒருவர் கண்ணால் பார்க்கும் வரை ஒதுக்கி வைக்கிறோம்.