குடைக்காரத் தாத்தாவுக்கு 120 விநாடி

*"மழையே பெய்யாத ஊரில் குடை ரிப்பேர் செய்யும் ஒரு தாத்தா. கடைசியில் மழை வருகிறது, கடையில் கூட்டம் குவிகிறது. இதுதான் என் ஒன்லைன். கல்லூரி ப்ராஜெக்டுக்காக இரண்டு நிமிட அனிமேஷன் படமாக எடுக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் பன்னிரண்டு பக்கம் ஓடுகிறது. இதை எப்படி மூன்று அங்கமாகப் பிரிப்பது?"*
– இறுதியாண்டு மாணவி, திருநெல்வேலி

தாத்தாவைப் பிடித்திருக்கிறது. ஆனால் உங்கள் வரியில் அவர் எதுவுமே செய்யவில்லை. காத்திருக்கிறார், மழை வருகிறது, அவ்வளவுதான். வேலை பார்ப்பதெல்லாம் வானம். பன்னிரண்டு பக்கம் ஓடுவதற்கும் இதுவே காரணம். ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் ஊர், வறட்சி, பழைய நினைவு என்று எதையாவது போட்டுத்தான் பக்கத்தை நிரப்ப முடியும்.

முதலில் முடிவைச் சரிசெய்யுங்கள், மற்றது பின்னாலேயே வரும். மழையை எடுத்துவிடுங்கள். மழை வந்துவிட்டால் தாத்தா எதையும் புதிதாகப் பார்க்க வேண்டியதில்லை, பார்வையாளருக்கும் அது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். மழை இல்லாமலே அவருக்கு வேலை கிடைக்க வழி இருக்கிறதா? குடை வெயிலுக்கும்தானே! திருநெல்வேலிக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒன்லைனைத் திருப்பி எழுதலாம்: 'ஒரு குடையாவது ரிப்பேருக்கு வராதா என்று தவிக்கும் தாத்தா, கடையைக் கட்டும் நாளில், வெயிலுக்கும் குடை வேண்டும் என்று கண்டுகொள்கிறார்.' தவிப்பு முதல் அங்கம், கடையைக் கட்டும் வரை நடப்பது இரண்டாவது, கண்டுகொள்வது மூன்றாவது. ஒரு வரிக்குள் இந்த மூன்றும் இல்லையென்றால் அதை எத்தனை முறை பிரித்தாலும் அங்கம் வராது.

அடுத்து நேரம். 120 விநாடியில் தலைப்புக்கு 5, பெயர்ப் பட்டியலுக்கு 10 போனால் கையில் இருப்பது 105. நான் முதல் அங்கத்துக்கு 20, இரண்டாவதற்கு 60, மூன்றாவதற்கு 25 என்று ஒதுக்குவேன்.

முதல் 20 விநாடியில்தான் பெரும்பாலான மாணவர் படங்கள் கெடுகின்றன. சூரியன் உதிக்கும், ஊர் தெரியும், தெரு தெரியும், கடை வருவதற்குள் அரை நிமிடம் போய்விடும். நேராகக் கடைக்குள் போங்கள். சுவரில் ஒரு குடை தொங்குகிறது, குடைக்கம்பிக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி வலை. தாத்தா அந்த வலை கலையாமல் கையை வளைத்து, பக்கத்து ஆணியில் இருக்கும் குறடை எடுக்கிறார். வேலை வந்து எவ்வளவு காலமாயிற்று, இவர் எப்படிப்பட்டவர், இரண்டும் ஒரே ஷாட்டில் வந்துவிட்டது. அப்புறம் தெருவில் ஒருவர் குடையோடு வருகிறார். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறார். வந்தவர் குடையை ஊன்றுகோலாக ஊன்றிக்கொண்டு கடையைத் தாண்டிப் போய்விடுகிறார். தாத்தாவுக்கு என்ன வேண்டும் என்பது வசனமே இல்லாமல் புரிந்துவிடும். வசனத்தை முழுக்கவே விட்டுவிடலாம். உதட்டசைவுக்குச் செலவழியும் நாட்களை வேறு காட்சிகளுக்குக் கொடுக்கலாம்.

நடு அங்கத்துக்கு இரண்டு முயற்சி போதும், மூன்றாவதற்கு இடம் கிடையாது. ஒன்று, பையைத் தூக்கிக்கொண்டு மணியடித்தபடி தெருவில் நடக்கிறார். ஜன்னல்கள் வரிசையாகத் திறக்கின்றன, தலைகள் வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன, ஜன்னல்கள் மூடிக்கொள்கின்றன. இரண்டாவது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் குடையையே முழங்காலில் வைத்து உடைத்து, ரசித்து ரசித்துத் தைக்கிறார். முதலாவதில் சிரிப்பார்கள், இரண்டாவதில் சிரித்துக்கொண்டே சங்கடப்படுவார்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தைத்த குடையை நீட்டுகிறார், வாங்க எதிரே ஆளில்லை. மீதி 20 விநாடியில் எல்லாக் குடைகளையும் கட்டாகக் கட்டி, பழைய இரும்புக் கடைக்குக் கிளம்புகிறார். கிளம்பும்போது சிலந்தி வலையையும் கலைத்துவிடுகிறார்.

மூன்றாவது அங்கம். வழியில் கீரை விற்கும் ஒரு ஆச்சி, கூடையில் கீரை வாடிக்கிடக்கிறது. தாத்தா தாண்டிப் போகிறார், நிற்கிறார், கட்டிலிருந்து ஒரு குடையை உருவிக் கூடைக்கு மேலே விரித்து வைக்கிறார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: ஆச்சி கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அது தாத்தாவுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், நம் மழை மாதிரியே. கேட்காமல் அவர் கொடுத்தால்தான் முடிவு அவருடையது. பக்கத்துப் பூக்காரி கிழிந்த குடை ஒன்றை நீட்டுகிறாள். தாத்தா அங்கேயே உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறார். முதல் அங்கத்தில் வீணாய்ப்போன அதே செய்கைதான். கடைசி ஷாட், மேலிருந்து பார்த்தால் சந்தை முழுக்க ஒட்டுப்போட்ட குடைகள்.

அந்தச் சந்தைக்காக ஆட்களை வரைய ஆரம்பித்துவிடாதீர்கள். குடைகள் மூடிய ஒரே ஓவியம், அதன் மேல் மெதுவாக நகரும் கேமரா, போதும். விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 ஓவியம். 105 விநாடிக்கு 1,260 ஆகிறது. எனவே அவுட்லைன் எழுதும்போதே எது அசைய வேண்டும், எது அசையாமல் நிற்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். குடை விரிவதை வரைவது பெரிய தொல்லை, கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும். ஆச்சியின் கூடை மேல் ஒருமுறை மட்டும் முழுதாக விரியட்டும், மற்ற இடங்களில் கை பட்டதும் வெட்டி, விரிந்த குடையைக் காட்டிவிடுங்கள்.

1986இல் பிக்ஸார் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' பார்த்திருப்பீர்கள். அதுவும் ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான். இரண்டு மேசை விளக்கு, ஒரு பந்து, நகராத கேமரா. குட்டி விளக்கு பந்தோடு விளையாடுகிறது, ஏறிக் குதித்து அதை உடைத்துவிடுகிறது, தலைகுனிந்து போய் இன்னும் பெரிய பந்தோடு திரும்புகிறது. அங்கங்கள் எங்கே மாறுகின்றன என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வசனமும் முகமும் இல்லாமல் அந்த மாற்றம் எப்படித் தெரிகிறது என்பது உங்களுக்கு நேரடியாக உதவும்.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே 'அதனால்' அல்லது 'ஆனால்' போட்டு வாசியுங்கள். ஜன்னல்கள் மூடின, அதனால் தன் குடையை உடைக்கிறார். ஆனால் வாங்க ஆளில்லை. அதனால் கடையைக் கட்டுகிறார். எங்கேயாவது 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறது என்றால், அந்த நிகழ்வைத் தூக்கினாலும் கதை நகரும், தூக்கிவிடுங்கள்.

இரண்டாவது, போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு முழுப் படத்தையும் நீங்களே நடித்துப் பாருங்கள். மனத்துக்குள் ஓட்டினால் எல்லாமே வேகமாக ஓடும். நடிக்கும்போதுதான் நூல் கோப்பதற்கே ஐந்து விநாடி போவது தெரியும். 105ஐத் தாண்டினால் ஜன்னல் காட்சியில் குறையுங்கள், ஆறு ஜன்னல் இருந்த இடத்தில் மூன்று போதும். குடைகளைக் கட்டும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அவர் உண்மையாகவே விட்டுவிட்டார் என்று நம்ப அந்த 20 விநாடியும் வேண்டும்.